இன்புளுவன்ஸ் லைன் கீறியும் லோட் பிழையான ஸ்பான்ல போய் நிக்குதா? ஒவ்வொரு அறிகுறியா பார்ப்பம்

போன கிழமை கல்முனையில இருந்து ஒரு தம்பி டிரோயிங்கை சுருட்டிக்கொண்டு வந்தார். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு மேல்மாடி போடப்போறாங்களாம், மேல மூட்டை அடுக்குறதுக்கு. பீம் மூணு ஸ்பான், ஒவ்வொண்டும் 5 மீற்றர். "அண்ணன், மூணு ஸ்பான்லயும் மூட்டை நிறைச்சு வச்ச மாதிரி ஃபுல் லோட் போட்டுட்டன், இதுக்கு மேல என்ன வரப்போகுது?" எண்டு கேட்டார். நடு ஸ்பானுக்கு அவர் எடுத்த சாகிங் மொமன்ட் உண்மையில வரக்கூடியதில பாதிதான்.

படிக்கிற பிள்ளையளும் சைட்டில நிக்கிறவங்களும் இந்த விசயத்தில திரும்பத் திரும்ப ஒரே இடங்கள்லதான் இடறுறாங்க, அதனால இந்த மில்லு பீமையே வச்சு ஒவ்வொரு அறிகுறியா எழுதுறன். கணக்கு லேசா வாறதுக்காக பீமில டெட் லோட் ஒரு மீற்றருக்கு 12 கிலோநியூட்டன், லைவ் லோட் 10 கிலோநியூட்டன் எண்டு வச்சுக்கொள்ளுவம். பீமுக்கு பீம் 2 மீற்றர் இடைவெளி, ஒரு சதுர மீற்றருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 500 கிலோ, 50 கிலோ மூட்டை பத்து. மூட்டைய படுக்கப் போட்டு நாலு அடுக்கு வச்சா அந்தக் கணக்குக்கு வந்திரும். மாடில நடுப் பகுதி நிறைஞ்சு ரெண்டு பக்கமும் காலியா கிடக்கிறது சும்மா கற்பனை இல்ல, லொறி வந்து ரெண்டு பக்கத்து மூட்டையையும் ஏத்திக்கொண்டு போனா அண்டைக்கே அப்பிடித்தான் இருக்கும். சப்போர்ட்டுகளுக்கு இடப்பக்கத்தில இருந்து ஏ, பி, சி, டி எண்டு பேர் வச்சிருக்கன்.

அறிகுறி: எல்லா ஸ்பானுக்கும் லோட் போட்டா மொமன்ட் கூடாம குறையுது

w ஒரு மீற்றருக்கு வாற லோட், L ஸ்பான் நீளம் எண்டு வைங்க. மூணு ஸ்பான்லயும் மொத்தம் 22 போட்டா நடு ஸ்பான் நடுவில 0.025wL², அதாவது 13.75 கிலோநியூட்டன் மீற்றர்தான் வரும். டெட் லோட்ட எல்லா இடமும் வச்சிட்டு லைவ் லோட்ட நடு ஸ்பான்ல மட்டும் போட்டா 26.25 வருது. லோட்டக் குறைச்சிருக்கம், மொமன்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சொஃப்ட்வெயார்ல பிழை எண்டு நினைச்சு மொடல அழிச்சு அழிச்சு திரும்பப் போட்ட ஆக்கள எனக்குத் தெரியும்.

பிழை ஒண்டும் இல்ல. பக்கத்து ஸ்பான்ல லோட் நிண்டா அது கீழ வளையும், வளையக்குள்ள சப்போர்ட்டுக்கு மேலால பீமைத் திருப்பி நடு ஸ்பான மேல தூக்கப் பார்க்கும். அந்தத் தூக்கல் நடு ஸ்பான்ட சாகிங்கத் தின்னுது. எந்த ஸ்பான் சேர்க்குது, எந்த ஸ்பான் தின்னுது எண்டு ஒரு நம்பரும் இல்லாம கண்ணாலயே பார்க்கத்தான் இன்புளுவன்ஸ் லைன் எண்ட வடிவத்தக் கீறுறம். 1886ல முல்லர்-பிரெஸ்லாவ் எண்ட ஜேர்மன்காரர் சொன்ன வழி: எந்த இடத்து மொமன்ட் வேணுமோ அந்த இடத்தில பீமை வெட்டி ஒரு பிணைச்சல் வை, அந்த மொமன்ட் தள்ளுற திசையில ரெண்டு துண்டையும் கொஞ்சம் திருப்பு, பீம் எப்பிடி வளையுதோ அதுதான் இன்புளுவன்ஸ் லைன்.

அறிகுறி: வடிவம் சரி மாதிரி கிடக்கு, ஆனா லோட் போட்ட ஸ்பான் எல்லாம் தலைகீழ்

இதுதான் ஆகக் கூட வாற பிழை. சாகிங் எண்டா பீம் கீழ தொங்குறது, அதால பிணைச்சலையும் கீழ தள்ளி ஒரு 'வி' கீறிடுறாங்க, பிறகு "மேல நிக்கிற ஸ்பான்தானே பொசிட்டிவ்" எண்டு பக்கத்து ஸ்பானுக்கு லோட் போட்டு முடிஞ்சுது. அப்பிடிப் போட்டா நடு ஸ்பானுக்கு ஆகக் கூடின சாகிங்குக்குப் பதிலா ஆகக் குறைஞ்சது வந்து நிக்கும்.

சாகிங் மொமன்ட் வெட்டின இடத்தில என்ன செய்யுது எண்டு கையால செய்து பாருங்க. ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டி விரல் நுனிகள முட்டவச்சு, மணிக்கட்டு ரெண்டும் சப்போர்ட் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. சாகிங் மொமன்ட் இடது துண்ட அது வெட்டுப்பட்ட முனையில கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா திருப்பும், வலது துண்ட கடிகாரப் பக்கமா திருப்பும். மணிக்கட்டு அசையாம அப்பிடித் திருப்பினா விரல் நுனி மேலதான் போகும், கூரை முகடு மாதிரி. அதால முகடு மேலதான் வரவேணும், ஓலைக் கொட்டில் கூரையக் கண்ணில வச்சுக்கொண்டு கீறுங்க.

இதையும் மறந்து போறவங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கிறது, மேல கீழ எண்ட கதைய விட்டிருங்க, முகட்டுக் கூர் எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கம் நிக்கிற ஸ்பானுக்கெல்லாம் லோட், மற்றப் பக்கத்த விட்டிருங்க. தெரியாம தலைகீழாக் கீறினாலும் இந்த விதி ஏமாத்தாது. நடு ஸ்பானுக்குக் கீறினா நடு மட்டும், ஓர ஸ்பானுக்குக் கீறினா அதோட மற்ற ஓரம், அஞ்சு ஸ்பான் பீம்ல 3ஆவதுக்குக் கீறினா 1, 3, 5.

அறிகுறி: பக்கத்து ஸ்பானும் அதே பக்கம் வந்து நிக்குது, அல்லது சப்போர்ட்ல கூர் விழுது

ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதான். பீம் சப்போர்ட்டுக்கு மேலால முறியாம போகுது எண்டத மறந்திட்டம். சப்போர்ட்ல பீம் மேலயோ கீழயோ போக ஏலாது, ஆனா சரிஞ்சு நிக்க ஏலும். நடு ஸ்பான்ல முகடு எழும்பினா பி சப்போர்ட்ல கோடு மேல் நோக்கிச் சரிஞ்சு கிடக்கு, அதே சரிவோட இடப்பக்கம் பின்னுக்குப் போனா 1ஆம் ஸ்பானுக்குள்ள கீழதானே இறங்கவேணும், பிறகு ஏக்கு வரக்குள்ள பூச்சியத்துக்கு ஏறிடும். இப்பிடி ஸ்பானுக்கு ஸ்பான் மேல கீழ மாறும். முழுக் கீறலுக்கும் ஒரே ஒரு கூர்தான், அது பிணைச்சல் வச்ச இடத்தில. ரெண்டாவது கூர் கண்டா அழிச்சிட்டு திரும்பக் கீறுங்க.

நேர்கோட்டால முக்கோணம் முக்கோணமா கீறுறதும் கண்டிருக்கன். அது ரெண்டு சப்போர்ட் மட்டும் உள்ள சாதாரண பீம்ட பழக்கம், தொடர் பீம்ல வளைவாத்தான் வரும். ஆனா இந்த வேலைக்கு அது பெரிய குற்றம் இல்ல, எந்தப் பக்கம் எண்டது சரியா இருந்தா லோட் சரியான ஸ்பான்லதான் போகும்.

நம்பிக்கை வராட்டி ஒரு தென்னோலை ஈர்க்கு எடுங்க, வீட்டில விளக்குமாறு இருக்குந்தானே, ஆனா காய்ஞ்சது உடைஞ்சிரும், பச்சை ஈர்க்கு நல்லம். பலகையில நாலு இடத்தில சம தூரத்தில சோடி ஆணி அடியுங்க, ஈர்க்கு சோடிக்கு நடுவால போகவேணும், மேலயும் எழும்பாம கீழயும் இறங்காம. ஈர்க்க நடு ஸ்பான் வாற இடத்தில லேசா நெரிச்சு ஒரு நிரந்தர மடிப்பு வச்சிட்டு, மடிப்பு மேல பார்க்க ஆணிக்குள்ளால விடுங்க. நடு மேல கூரா நிக்கும், ரெண்டு ஓரமும் தன்பாட்டில கீழ வளையும். நீங்க கீறவேண்டிய படம் அதுதான். ஈர்க்கு ஒரு முனை தடிச்சும் மற்ற முனை மெலிஞ்சும் இருக்கும், அதால அளவு எடுக்காதீங்க, வடிவத்த மட்டும் பாருங்க.

அறிகுறி: லோட் சரியாப் போட்டன் போல கிடக்கு, ஆனா நம்பர் நம்பேலாது

ஒவ்வொரு ஸ்பானுக்கும் தனித்தனியா லோட் போட்டு எடுங்க. சமமான மூணு ஸ்பான் பீம்ல, நடு ஸ்பான் நடுப்புள்ளிக்கு, நடுவில லோட் போட்டா +0.075wL², ஒவ்வொரு ஓரமும் −0.025wL². மூண்டையும் கூட்டினா 0.025, எல்லாத்திலயும் லோட் போட்டா வாற அதே 0.025. கூட்டல் ஒத்து வராட்டி எங்கேயோ ஒரு ஸ்பான்ல குறி பிழைச்சிருக்கு எண்டு அந்த இடத்திலயே பிடிபடும். இந்தச் செக் ரெண்டு நிமிசம் எடுக்காது, நான் இப்பவும் சொஃப்ட்வெயார் ரிசல்ட்டுக்கு இதைத்தான் செய்யிறன்.

ஓர ஸ்பான் நடுப்புள்ளிக்கு இதே மாதிரி எடுத்தா அந்த ஸ்பான்ட லோட்டால +0.0917, பக்கத்து ஸ்பானால −0.025, கடைசி ஸ்பானால +0.0083. இதில கவனிக்கவேண்டியது என்னெண்டா, கடைசி ஸ்பானுக்கு லோட் போட மறந்தா நட்டம் பத்தில ஒரு பங்கும் இல்ல, ஆனா பக்கத்து ஸ்பானுக்கு பிழையா போட்டா அதைப்போல மூணு மடங்கு அடி. தூரத்து ஸ்பானப்பற்றி தலைய உடைக்கிறத விட பக்கத்து ஸ்பான்ட பக்கத்தச் சரியாப் பிடிக்கிறதுதான் முக்கியம்.

அறிகுறி: ஸ்பான் மொமன்ட் எடுக்கப் போனா பக்கத்து ரெண்டு ஸ்பானுக்கும் லோட் போடச் சொல்லுது

பிணைச்சல சப்போர்ட்டுக்கு மேல வச்சிட்டீங்க. பி சப்போர்ட்ல வச்சா அதுக்கு ரெண்டு பக்கமும் உள்ள ஸ்பானுகள் ஒரே பக்கம் வரும், அதுக்குப் பிறகுதான் மாறும். அது சப்போர்ட்டுக்கு மேல பீம்ட மேல் பக்கம் இழுபடுற ஹொகிங்குக்கான படம், 1, 2க்கு லோட் போட்டு 0.117wL² எடுக்கிற கேஸ். படம் பிழையில்ல, கேள்வி வேற. சாகிங்குக்கு பிணைச்சல் ஸ்பானுக்கு நடுவில இருக்கவேணும். ஓர ஸ்பான்ல ஆகக் கூடின இடம் சரியா நடுவில வராது, ஏயில இருந்து 0.45L அளவில வரும், ஆனா லோட் எந்த ஸ்பான்ல எண்டு பார்க்க நடுவில கீறினாப் போதும்.

அறிகுறி: வெட்டு வச்ச ஸ்பானுக்குள்ளயே கோடு மேலயும் போகுது கீழயும் போகுது

பயப்பட வேண்டாம், வெட்டு சப்போர்ட்டுக்குக் கிட்டப் போயிட்டுது. சம ஸ்பான் பீம்ல நடு ஸ்பான்ல சப்போர்ட்ல இருந்து ஸ்பான்ட அஞ்சில ஒரு பங்குக்குள்ள, எங்கட கணக்கில 1 மீற்றருக்குள்ள, வெட்டு வந்தா இப்பிடித்தான் நடக்கும். பியில இருந்து அரை மீற்றர்ல வெட்டினா, கோடு கிட்டத்தட்ட 1.4 மீற்றர் வரைக்கும்தான் மேல நிக்கும், மிச்சம் கீழ. அந்த இடத்துக்கு ஆகக் கூடின சாகிங் வேணுமெண்டா அந்த ஸ்பான்ல அந்த 1.4 மீற்றருக்குத்தான் லோட் போடவேணும், முழு ஸ்பானுக்குப் போடக்கூடாது. ஆனா அங்க வாற சாகிங் சின்னன், கம்பி எவ்வளவு எண்டத அது தீர்மானிக்காது. சாதாரண மாடிக்கு அதைத் துரத்திக்கொண்டு போறது நேரத்துக்குக் கேடு, பாலத்துக்கு டிசைன் செய்யிறவங்க செய்யட்டும்.

அறிகுறி: பல்கனி சேர்ந்த பிறகு எல்லாம் குழம்பிட்டுது

ஏக்கு வெளியால பீம் நீண்டு பல்கனி ஒண்டு தொங்குது எண்டு வைங்க. அதுக்கு அந்தப் பக்கம் சப்போர்ட் இல்ல, வளையவைக்க ஒண்டும் இல்ல, அதால கோடு ஏயில இருந்த சரிவோட நேராப் போகும். 1ஆம் ஸ்பான் மேல நிண்டா பல்கனி கீழ, 1ஆம் ஸ்பானுக்கு சாகிங் எடுக்கக்குள்ள பல்கனியில ஆள் நிக்கக்கூடாது. 2ஆம் ஸ்பானுக்கு எடுக்கக்குள்ள 1 கீழ போகும், பல்கனி மேல வரும், அப்ப பல்கனிக்கும் லைவ் லோட் போடவேணும். "பல்கனி அங்க, நடு ஸ்பான் இங்க, என்ன சம்பந்தம்" எண்டு விட்டிடுறவங்க கன பேர்.

தனி லோட் ஒண்டு எண்டா, உதாரணமா மில்லுக்கு மேல ஒரு மெசின் வைக்கப்போறாங்க எண்டா, அதை முகட்டுக்குக் கீழ நேரா வைங்க. நடு ஸ்பான் நடுவில முகட்டு உயரம் 0.175L, 5 மீற்றருக்கு 0.875 மீற்றர். 20 கிலோநியூட்டன் மெசினுக்கு 17.5 கிலோநியூட்டன் மீற்றர். அவ்வளவுதான்.

அறிகுறி: ஓர ஸ்பானுக்கு லோட் போட்டா நடு ஸ்பான் நடுவில மைனஸ் வருது

இதைப் பிழை எண்டு நினைச்சு அழிச்சிடாதீங்க, இதுதான் இந்தக் கணக்கில இருந்து கிடைக்கிற ஆகப் பெரிய தகவல். ஓர ரெண்டு ஸ்பான்லயும் மூட்டை, நடு காலி எண்டு எடுங்க. சம மூணு ஸ்பான் பீம், ஓரத்தில w1, நடுவில w2 எண்டா:

```
M(B) = M(C) = -(w1 + w2) × L² / 20
M(நடு) = w2 × L² / 8 + M(B)
```

w1 = 22, w2 = 12 போட்டா சப்போர்ட்ல −42.5, நடுவில 37.5 − 42.5 = −5. நடு ஸ்பான்ட நடுவிலயே பீம்ட மேல் பக்கம் இழுபடுது. நடுவிலயே மைனஸ் எண்டா ஸ்பான் முழுக்க மைனஸ்தான், சாகிங் எண்ட பேச்சே இல்ல. அதே லோடிங்ல ஓர ஸ்பானுக்கு 49.1 வருது, எல்லாத்துக்கும் லோட் போட்டா 44தான்.

இப்ப டிசைனுக்குரிய பக்டர் போட்டா கதை இன்னும் மோசம். பிஎஸ் 8110 முறையில லோட் போட்ட ஸ்பானுக்கு 1.4 டெட்டும் 1.6 லைவும், மற்றதுக்கு வெறும் 1.0 டெட். எங்கட பீமுக்கு 32.8ம் 12ம். நடுவில லோட் போட்டா நடுவில சாகிங் 46.5, எல்லாத்துக்கும் போட்டா 20.5, ஓரத்துக்குப் போட்டா −18.5. யூரோகோட் 2 முறையில டெட் லோட் பக்டர் எல்லா ஸ்பானுக்கும் ஒண்டுதான், 1.35, லைவுக்கு 1.5, அதால 31.2ம் 16.2ம், வாறது 38.25ம் −8.6ம். ரெண்டு முறையையும் கலந்தடிக்காதீங்க, ஒண்டில இருந்து எந்த ஸ்பானுக்கு லோட் எண்ட பெட்டர்னையும் மற்றதில இருந்து பக்டரையும் எடுத்து வந்த கணக்கொண்ட நான் பார்த்திருக்கன், அந்த நம்பர் எந்த முறைக்கும் சொந்தம் இல்ல.

அந்தத் தம்பிட டிரோயிங்ல கீழ்க்கம்பி 13.75க்கு பக்டர் பெருக்கி எடுத்ததுக்குத்தான் இருந்துது. மேல்க்கம்பிய பி, சி சப்போர்ட்டுகள்ல இருந்து ஸ்பான்ட கால்வாசியில வெட்டிட்டு நடுவில ஸ்டிரப் தொங்கப்போட ரெண்டு மெல்லிய கம்பி விட்டிருந்தார். கீழ்க்கம்பிய 46.5க்கு கூட்டினம், மேல ரெண்டு கம்பிய நடு ஸ்பான் முழுக்க வெட்டாம விட்டு 18.5 தாங்குதா எண்டு பார்த்தம். தூணும் பீமும் ஒண்டாக் கொங்கிறீட் போடுறதால தூண் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், உண்மையில ஸ்பானுக்கு ஸ்பான் போற தாக்கம் இதை விடக் குறைவுதான், ஆனா வடிவமும் எந்த ஸ்பானுக்கு லோட் எண்டதும் மாறாது. கம்பி கட்டுற பாஸ் "மேல இவ்வளவு எதுக்கு, நடுவில கீழதானே இழுவை" எண்டு கேட்டாராம். தம்பி ஈர்க்க எடுத்துக் காட்டினாராம்.